கிலோவில் வாங்கி ஷீட்டில் வெட்டுகிறோம்: மிச்சப்பட்ட 3 ரூபாய் எங்கே போனது?

கேள்வி: ஐயா, இரும்புத் தகட்டில் மின் இணைப்புப் பெட்டி செய்யும் சிறிய தொழிற்சாலை நடத்துகிறேன். 2 மீட்டருக்கு 1 மீட்டர், 1 மி.மீ. ஷீட், ஒரு ஷீட்டில் பெட்டிக்கு ஒரு துண்டு வீதம் 50 பிளாங்க் வெட்டுவோம். 2 சதவீதம் ரிஜெக்‌ஷனையும் சேர்த்து, ஒரு நல்ல பெட்டிக்கு 320 கிராம், கிலோ 70 ரூபாய் என்று ஸ்டாண்டர்டு வைத்திருக்கிறோம். சென்ற மாதம் 25,000 பெட்டிக்கு 5,60,000 ரூபாய் தகட்டுச் செலவு என்று பட்ஜெட் போட்டோம். ஆனது 6,59,280. செய்தது 28,000 நல்ல பெட்டி. 600 ஷீட், 9,840 கிலோ இஷ்யூ ஆகியிருக்கிறது. ரிஜெக்‌ஷன் நோட்டில் 1,400 இருக்கிறது. அந்த மாதம் புது சப்ளையரிடம் கிலோ 67க்கு வாங்கினோம். "நான் மிச்சம் பிடித்துக் கொடுத்தேன்" என்கிறார் பர்ச்சேஸ் பார்ப்பவர். "தகடே சரியில்லை" என்கிறார் ஃபோர்மேன். "விலையில் 29,520 சாதகம், உபயோகத்தில் 61,600 பாதகம், ஆகவே கோளாறு ஷாப்பில்தான்" என்கிறார் கணக்காளர். யார் சொல்வதை நம்புவது?

பதில்: கணக்காளர் போட்ட கணக்கு சரி. அதிலிருந்து அவர் எட்டிய முடிவுதான் அவசரப்பட்டது. உங்கள் கடிதத்தில் இருக்கும் எண்களை வைத்தே இதைக் காட்டிவிட முடியும். பாதிப் பேர் எழுதி அனுப்பாத ஒரு எண்ணை, அதாவது எத்தனை ஷீட் என்பதை, நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் அதில்தான் இருக்கிறது.

முதலில் பட்ஜெட்டை ஓரம் வைத்துவிடுவோம். 5,60,000க்கும் 6,59,280க்கும் இடையில் 99,280 ரூபாய் இடைவெளி இருக்கிறது. அதில் பெரும்பகுதி நஷ்டமே இல்லை. நீங்கள் 3,000 பெட்டி கூடுதலாகச் செய்திருக்கிறீர்கள். ஒரு பெட்டிக்கு ஸ்டாண்டர்டு தகட்டுச் செலவு 22 ரூபாய் 40 காசு என்றால், அந்த 3,000 பெட்டிக்கு மட்டும் 67,200 ரூபாய் செலவாகியே தீரும். அவை விற்றுப் பணமாகும் சரக்கு. ஆகவே ஒப்பிட வேண்டியது பட்ஜெட்டோடு அல்ல, உண்மையில் செய்து முடித்த 28,000 நல்ல பெட்டிக்கு ஸ்டாண்டர்டுபடி எவ்வளவு ஆகியிருக்க வேண்டும் என்பதோடு. அது 8,960 கிலோ, 6,27,200 ரூபாய். உண்மையில் கூடிப்போனது 32,080 ரூபாய்தான். 'நல்ல பெட்டி' என்பதை அழுத்திச் சொல்கிறேன். ரிஜெக்ட் ஆனதையும் உற்பத்தியில் சேர்த்து எண்ணினால் விரயம் முழுவதும் கணக்குக்குள் ஒளிந்துகொள்ளும்.

இந்த 32,080ஐத்தான் உங்கள் கணக்காளர் இரண்டாகப் பிரித்திருக்கிறார்:

விலை மாறுபாடு = (ஸ்டாண்டர்டு விலை − உண்மை விலை) × உண்மை அளவு
(70 − 67) × 9,840 = 29,520 சாதகம்

உபயோக மாறுபாடு = (ஸ்டாண்டர்டு அளவு − உண்மை அளவு) × ஸ்டாண்டர்டு விலை
(8,960 − 9,840) × 70 = 61,600 பாதகம்

உபயோகத்தை ஏன் 70ஆல் பெருக்குகிறோம், 67ஆல் ஏன் பெருக்கவில்லை என்று கேட்கலாம். ஷாப்பில் இருப்பவர் கையில் விலை இல்லை. சந்தையில் விலை ஏறினாலும் இறங்கினாலும் அவர் 880 கிலோ கூடுதலாக எடுத்தார் என்ற உண்மை மாறப்போவதில்லை. அதனால் அவருடைய எண்ணை நிலையான ஒரு விலையில் அளக்கிறோம். விலைப் பக்கத்தில் இந்தச் சுத்தம் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூடுதலாகப் போன 880 கிலோவுக்கும் 3 ரூபாய் மிச்சம் என்று 2,640 ரூபாய் அந்த 29,520க்குள் சேர்ந்திருக்கிறது. தேவையில்லாமல் எடுத்த தகட்டுக்கும் பர்ச்சேஸுக்குப் பாராட்டு போகிறது என்று அர்த்தம். சிலர் இதைக் கூட்டு மாறுபாடு என்று தனியாக எடுப்பார்கள். உங்கள் அளவுத் தொழிலுக்கு அது வேண்டாம், இருப்பது தெரிந்தால் போதும்.

சரி, இப்போது 9,840ஐ 600ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு ஷீட் 16.4 கிலோ வருகிறது.

1 மி.மீ. ஷீட் எவ்வளவு எடை இருக்க வேண்டும்? இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு ஒவ்வொரு மி.மீ. தடிமனுக்கும் 7.85 கிலோ. உங்கள் ஷீட் 2 சதுர மீட்டர். ஆக 15.7 கிலோ. உங்கள் ஸ்டாண்டர்டும் இதிலிருந்துதான் வந்திருக்கிறது. 15.7 கிலோவில் 50 பிளாங்க், அதில் 2 சதவீதம் ரிஜெக்‌ஷன் போனால் 49 நல்ல பெட்டி. வகுத்தால் 320 கிராம்.

புதிய சப்ளையரின் ஷீட் ஒவ்வொன்றும் 700 கிராம் அதிகம். தடிமன் கணக்கில் சொன்னால் 1.045 மி.மீ. பக்கம் இருக்கிறது. கையால் தடவினால் தெரியாது, ஃபோர்மேன் கண்ணுக்கும் படாது. தகடு உருட்டும்போது இந்த அளவு கூடக்குறைய வருவது அதிசயமும் இல்லை. ஆனால் விஷயம் என்னவென்றால், நீங்கள் பணம் கொடுப்பது கிலோவுக்கு. பெட்டி ஆவது பரப்பளவிலிருந்து. தடிமன் கூடியதால் ஒரு ஷீட்டில் 51ஆவது பிளாங்க் கிடைக்கப்போவதில்லை. துணியை எடை போட்டு வாங்கி மீட்டர் கணக்கில் தைத்தால் கனமான துணி வந்த மாதம் என்ன ஆகுமோ, அதுதான் இங்கே நடந்திருக்கிறது.

ஒரு ஷீட்டுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று பாருங்கள். ஸ்டாண்டர்டுபடி 15.7 கிலோ, 70 ரூபாய், 1,099 ரூபாய். சென்ற மாதம் 16.4 கிலோ, 67 ரூபாய். 1,098 ரூபாய் 80 காசு. ஷீட்டுக்கு 20 காசு மிச்சம். 600 ஷீட்டுக்கும் சேர்த்து 120 ரூபாய். கணக்கில் 29,520 என்று தெரிந்த விலைச் சாதகத்தில் உண்மையாக மிஞ்சியது அவ்வளவுதான்.

மீதி எங்கே போயிற்று? உபயோகத்தின் தலையில் ஏறியிருக்கிறது. 600 ஷீட், ஷீட்டுக்கு 0.7 கிலோ என்றால் 420 கிலோ; 70 ரூபாய் வீதம் 29,400. ஃபோர்மேன் மேல் எழுதிய 61,600ல் கிட்டத்தட்ட பாதி, அவர் ஷீட்டைத் தொடும் முன்பே ஸ்டோர் வாசலில் தீர்மானமாகிவிட்டது. பர்ச்சேஸ் பார்ப்பவர் பொய் சொல்லவில்லை, கிலோவுக்கு 3 ரூபாய் குறைத்துத்தான் வாங்கினார். ஆனால் அந்தக் குறைவு கனத்திலேயே திரும்பப் போய்விட்டது. விலையில் ஒரு பெரிய சாதகமும், அதே மாதம் அதே பொருளில் உபயோகத்தில் ஒரு பெரிய பாதகமும் சேர்ந்து வந்தால், இரண்டும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்களா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இரண்டையும் தனித்தனி ஆளுக்கு எழுதிவிட்டால் அந்தக் காரணம் கண்ணில் படாமலே போய்விடும்.

ஆனாலும், தடிமன்தான் காரணம் என்று இதை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். 16.4 என்பது வகுத்து வந்த சராசரி. அதில் தவறு நுழைய வேறு வழிகளும் இருக்கின்றன. ஸ்டோரில் மிச்சம் இருக்கும் ஷீட்டில் பத்தை எடுத்து மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். விளிம்பில் அளக்க வேண்டாம், அங்கே பர் என்ற வெட்டுப் பிசிறு இருக்கும், மெலிந்தும் இருக்கும். கொஞ்சம் உள்ளே தள்ளி, நாலைந்து இடத்தில் அளவெடுங்கள். அதே ஷீட்டை உங்கள் தராசிலும் போடுங்கள். நீள அகலத்தையும் டேப்பில் பாருங்கள்.

மைக்ரோமீட்டர் 1.04, 1.05 என்று காட்டி, தராசும் 16.4 பக்கம் நின்றால் மேலே சொன்னது உறுதி. மைக்ரோமீட்டர் 1.00 காட்டி, தராசு 15.7 காட்டினால் கதையே வேறு. அப்போது ஷீட் சரியாகத்தான் இருக்கிறது, பில்லில் எழுதிய எடை அதிகம் என்று பொருள். கட்டோடு, மரப்பலகையோடு எடை போட்டார்களா, அல்லது பில்லில் இருந்ததை ஸ்டோர் அப்படியே பதிந்துகொண்டதா என்று கேட்க வேண்டும். அது சப்ளையரிடம் திரும்பக் கேட்க வேண்டிய பணம். மூன்றாவது சாத்தியம், தடிமன் சரி, நீள அகலம் சில மி.மீ. கூடுதல் என்பது. ஆனால் 700 கிராம் வித்தியாசத்தை அது மட்டும் விளக்காது. 10 மி.மீ. நீளம் கூடினால் 80 கிராம்கூட ஏறாது. கடைசியாக, ஷீட்டை எண்ணியதிலேயே தவறு இருக்கலாம். போனது உண்மையில் 627 ஷீட்டாக இருந்து, 600 என்று எழுதியிருந்தாலும் சராசரி இதே மாதிரிதான் வரும். ஸ்டோரில் ஷீட் இருப்பை எண்ணினால் இது தெரிந்துவிடும்.

தடிமன் பங்கை எடுத்துவிட்டால் உபயோகத்தில் மீதி 460 கிலோ, 32,200 ரூபாய். இது உண்மையாகவே ஷீட் எண்ணிக்கையில் கூடிப்போனது. இனி ஷீட்டை 15.7 கிலோ என்றே வைத்துக் கணக்கிடுகிறேன், ஒரே காரணத்தை இரண்டு முறை எண்ணிவிடக் கூடாது. கிலோவையும் இங்கே விட்டுவிட்டு பிளாங்க் கணக்குக்கு வந்துவிடுவோம். ஷாப்பில் யாரும் கிலோவில் யோசிப்பதில்லை, ஃபோர்மேனிடம் "460 கிலோ எங்கே?" என்று கேட்டால் அவருக்கு ஒன்றும் புரியாது.

600 ஷீட், ஷீட்டுக்கு 50 என்றால் 30,000 பிளாங்க் வந்திருக்க வேண்டும். நல்ல பெட்டி 28,000. ரிஜெக்‌ஷன் நோட்டில் 1,400. கூட்டினால் 29,400. மீதி 600 பிளாங்க் எந்த நோட்டிலும் இல்லை.

இந்த 600தான் இந்த மாதக் கணக்கில் எனக்குச் சுவாரசியமான எண். ஏனென்றால் இதற்கு முற்றிலும் வேறுவேறான விளக்கங்கள் இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் நடவடிக்கையும் வேறு. ஒன்று, மாதக் கடைசி நாளில் பிரஸ் பக்கத்தில் வெட்டி அடுக்கிய பிளாங்க் கிடந்திருக்கலாம். ஷீட் இஷ்யூ எழுதியாயிற்று, பெட்டி இன்னும் ஆகவில்லை. அப்படியானால் இது விரயமே அல்ல, அடுத்த மாதம் உபயோகம் திடீரென்று சாதகமாக வந்து நிற்கும், எல்லோரும் மகிழ்ந்துபோவார்கள். 600 பிளாங்க் 188 கிலோ, 13,200 ரூபாய் அளவு. மாதக் கடைசியில் ஷாப் தரையில் கிடக்கும் பிளாங்கை ஒருவர் எண்ணி எழுதினால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும். சின்னத் தொழிற்சாலைகளில் உபயோக மாறுபாடு ஒரு மாதம் பாதகம், மறுமாதம் சாதகம் என்று ஊஞ்சலாடினால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

இரண்டு, ஷியரிங்கிலேயே ஷீட்டுக்கு 50 வராமல் 49தான் வந்திருக்கலாம். ஓரம் நசுங்கிய ஷீட், துருப்பிடித்த மூலை, சதுரம் தப்பி வந்த ஷீட் என்றால் கடைசி வரிசையில் ஒரு பிளாங்க் கெட்டுவிடும். அது பெட்டியாகாததால் ரிஜெக்‌ஷன் நோட்டுக்கு வராது. வெட்டியவர் நேரே ஸ்கிராப் தொட்டியில் போட்டுவிடுவார். 600 ஷீட்டுக்குச் சரியாக 600 பிளாங்க் குறைகிறது என்பதால் எனக்கு இதன்மேல்தான் சந்தேகம் அதிகம், ஆனால் எண் அழகாகப் பொருந்துகிறது என்பதற்காக நம்பிவிடக் கூடாது. இன்றைக்கே ஷியரிங் முன்னால் நின்று இருபது ஷீட்டுக்கு எத்தனை பிளாங்க் வருகிறது என்று எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மூன்று, ரிஜெக்ட் ஆனதில் ஒரு பகுதி நோட்டில் ஏறவில்லை. செட்டிங் போடும்போது வரும் முதல் நாலைந்து துண்டுகளைப் பல இடங்களில் ரிஜெக்‌ஷனாக எழுதுவதே இல்லை. ரிஜெக்‌ஷன் எண்ணை வைத்துத் திட்டு விழும் இடமென்றால் நோட்டு இன்னும் மெலிந்து இருக்கும். இதைப் பிடிக்க ஸ்கிராப்பை எடை போடுவதுதான் வழி. உள்ளே போன கிலோ, நல்ல பெட்டியின் எடையாகவும் ஸ்கிராப்பாகவும் தரையில் கிடக்கும் இருப்பாகவும்தான் வெளியே வர முடியும். பத்து நல்ல பெட்டியை எடை போட்டுச் சராசரி எடுத்து, 28,000ஆல் பெருக்குங்கள். அந்த மாதம் விற்ற ஸ்கிராப்பையும் தொட்டியில் மிஞ்சியதையும் கூட்டுங்கள். தரையில் கிடக்கும் பிளாங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் 9,840ஐ நெருங்கினால் தகடு முழுக்க உங்கள் சுவருக்குள்தான் இருந்திருக்கிறது, நோட்டுதான் சரியில்லை. நெருங்கவே இல்லை என்றால் ஒன்று கேட்டில் எடை தப்பு, அல்லது தகடு நடந்து போயிருக்கிறது. யாரையும் குற்றம் சொல்லும் முன் தராசைச் சோதித்துவிடுங்கள்.

அடுத்து ரிஜெக்‌ஷன். 28,000 நல்ல பெட்டிக்கு 2 சதவீத அனுமதி என்றால் 571 போகலாம். போனது 1,400. அதிகம் 829, ஏறக்குறைய 260 கிலோ, 18,200 ரூபாய். (பிளாங்க் கணக்கும் இதுவும் சேர்ந்தால் 31,400 வருகிறது. 32,200க்கு 800 குறைவது, 320.4 கிராமை 320 என்று முழுதாக்கி வைத்ததால் வரும் வித்தியாசம், விட்டுவிடுங்கள்.)

"தகடே சரியில்லை" என்று ஃபோர்மேன் சொல்வது சாக்காகவும் இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். உண்மையாக இருக்க ஒரு நல்ல காரணம் இருக்கிறது. பஞ்சுக்கும் டைக்கும் இடையில் விடும் இடைவெளியைத் தகட்டின் தடிமனுக்கு ஏற்ற சதவீதத்தில்தான் வைப்பார்கள். தகடு கனத்தால் அந்த இடைவெளி அதற்கு இறுக்கமாகிவிடும். வெட்டும் விசை கூடும், பஞ்ச் சீக்கிரம் மழுங்கும். வளைப்பில் இன்னும் தெளிவாகத் தெரியும். தடிமன் கூடினால், அல்லது தகடு கடினமாக இருந்தால், அதே ஆரத்தில் வளைக்கும்போது வெளிப்பக்கம் வெடிப்பு விழும். வளைத்த கோணமும் நிலையாக நிற்காது, மூடி பொருந்தாது. ஆகவே 1,400 என்ற ஒரே எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எந்த வகை என்று பிரிக்க வேண்டும். வளைவில் வெடித்ததும், கோணம் தப்பியதும் தகட்டின் பக்கம் கைகாட்டுகின்றன. வெட்டின் ஓரம் முழுக்கப் பர் என்றால் டை தீட்டும் நேரம் வந்துவிட்டது, தகட்டைக் குறை சொல்ல முடியாது. துளை இடம் மாறி விழுந்திருந்தால் ஸ்டாப்பர் செட்டிங், அது முழுக்க ஷாப்பின் பொறுப்பு. கீறல், நசுங்கல் என்றால் அடுக்கிவைக்கும் முறை.

வகையோடு, எந்த லாட் ஷீட் என்பதும் வேண்டும். பழைய சப்ளையரின் ஷீட் ஒரு கட்டு கிடைத்தால், ஒரே நாளில், ஒரே பிரஸ்ஸில், ஒரே ஆளை வைத்து, டையை மாற்றாமல் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். 10 ஷீட், அதாவது ஐந்நூறு ஐந்நூறு பிளாங்க் ஓட்டினால் 2 சதவீதமா 5 சதவீதமா என்பது கண்ணுக்குத் தெரியும். பழைய ஷீட்டில் 10, புதிய ஷீட்டில் 25 என்று வந்தால் ஃபோர்மேன் சொன்னது சரி. அப்போது இந்த 18,200உம் பர்ச்சேஸ் முடிவின் செலவுதான். புதிய சப்ளையர் 120 ரூபாய் மிச்சம் தந்து 18,200 செலவு வைத்திருக்கிறார் என்றாகிவிடும். இரண்டிலும் 25 வந்தால் தகட்டின்மேல் பழி போட வேண்டாம், டையைக் கழற்றிப் பாருங்கள்.

ரிஜெக்ட் ஆன தகட்டை ஸ்கிராப்பாக விற்கிறோமே, கிலோவுக்கு 70 ரூபாயும் நஷ்டம் இல்லையே என்று உங்களுக்குத் தோன்றலாம். உண்மைதான். ஆனால் ஸ்கிராப் வருமானத்தைத் தனி வரியில் காட்டுங்கள், உபயோக மாறுபாட்டில் கழிக்காதீர்கள். கழித்தால் ஸ்கிராப் விலை ஏறிய மாதத்தில் ஷாப் திறமையாக வேலை செய்ததுபோலத் தெரியும். அதுவும் போக, ரிஜெக்ட் ஆன பெட்டியில் தகடு மட்டும் போகவில்லை. கடைசி வளைப்பில் வெடித்த பெட்டி என்றால் அதற்கு முன் வெட்டிய, துளைத்த கூலியும் பிரஸ் நேரமும் சேர்ந்து போய்விட்டது. அது தகட்டு மாறுபாட்டில் தெரியாது, கூலி மாறுபாட்டில் யாரோ மெதுவாக வேலை செய்ததுபோல வந்து நிற்கும்.

விலைப் பக்கத்தையும் ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டும். 67 என்பது எதையெல்லாம் சேர்த்தது? ஸ்டாண்டர்டு 70ல் லாரி வாடகை, இறக்குகூலி சேர்ந்திருந்து, 67ல் சேராமல் இருந்தால் அந்த 3 ரூபாயே நிஜமில்லை. இரண்டையும் உங்கள் ஸ்டோரில் வந்து இறங்கும் விலையாக வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். திரும்பக் கிடைக்கும் வரியை இரண்டிலுமே சேர்க்கக் கூடாது. இன்னொன்று, அந்த 70 எப்போது வைத்தது? தகட்டு விலை அதற்குப் பிறகு பொதுவாகவே இறங்கி, எல்லோரும் 66க்கு வாங்கிக்கொண்டிருந்தால், 67க்கு வாங்கியது சாதனை அல்ல, ஒரு ரூபாய் கூடுதல். சந்தை இறங்கியதால் வந்த 4 ரூபாயையும், நம் ஆள் கூடுதலாகக் கொடுத்த 1 ரூபாயையும் பிரித்துப் பார்த்தால்தான் அது தெரியும்.

விலை மாறுபாட்டை எடுத்த தகட்டுக்கு மட்டும் போடாமல், வாங்கிய நாளிலேயே வாங்கிய முழு அளவுக்கும் போட்டுவிடுவது நல்லது. 12,000 கிலோ வாங்கி 9,840 எடுத்திருந்தால், மீதி 2,160 கிலோவின் விலை விவரம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகாமல் அன்றைக்கே தெரியும், ஸ்டோர் கணக்கையும் ஒரே விலையில் வைத்துக்கொள்ளலாம். அந்த நாளிலேயே கிலோ விலையோடு ஷீட் விலையையும் எழுதச் சொல்லுங்கள். சரக்கு வந்ததும் கேட்டில் எடை, ஷீட் எண்ணிக்கை, பத்து ஷீட்டின் தடிமன், ஷீட்டுக்கு எத்தனை ரூபாய் என்று நாலு கட்டம் இருந்தால் போதும். 1,099 தாண்டினால் அது விலை மாறுபாடு. கிலோ விலை என்னவாக இருந்தாலும் சரி. அப்போது கனம் தந்த பாதகமும் அதைக் கொண்டுவந்தவர் கணக்கிலேயே நிற்கும், உபயோகத்தில் ஷாப்பின் வேலை மட்டும் மிஞ்சும்.

சப்ளையரிடம் பேச இரண்டு வழி இருக்கிறது. ஆர்டரிலேயே தடிமனின் மேல் வரம்பையும் கீழ் வரம்பையும் எழுதிவிடுவது ஒன்று. உண்மை எடைக்குப் பதிலாக, அளவையும் தடிமனையும் பெருக்கி வரும் கணக்கு எடைக்கே பணம் தருவது என்று பேசுவது இன்னொன்று. இரண்டாவது கிடைத்தால் கனத்தின் சுமை அவர் பக்கம் போய்விடும். ஆனால் ஒரு எச்சரிக்கை: அப்போது அவருக்கு மெல்லிய ஷீட் அனுப்ப ஆசை வரும். 0.95 மி.மீ. வந்தால் உண்மை எடையை வைத்துப் போடும் உபயோக மாறுபாடு அழகாகச் சாதகம் காட்டும், பெட்டியோ வாடிக்கையாளரின் அளவில் தேறாது. அதனால் உபயோகம் காரணமில்லாமல் சாதகமாக வந்த மாதத்திலும் மைக்ரோமீட்டரை எடுங்கள்.

கணக்காளருக்கு ஒரு வார்த்தை. அனுமதித்த 2 சதவீதத்துக்கு மேல் போன ரிஜெக்‌ஷன் வழக்கத்துக்கு மாறான விரயம் என்றால், அதைக் கையிருப்புச் சரக்கின் மதிப்பில் ஏற்றாமல் அந்தக் காலத்துச் செலவாகவே எழுத வேண்டும். சரக்கு மதிப்பீட்டுக்கான சர்வதேசக் கணக்கியல் தரம் ஐஏஎஸ் 2 சொல்வதும் அதுதான். விற்காத பெட்டிகளில் அந்த 18,200ஐப் பரப்பிவைத்தால் இந்த மாத லாபம் நன்றாகத் தெரியும், அவ்வளவுதான்.

அப்புறம், யாராவது "உண்மையில் 351 கிராம் ஆகிறது, ஸ்டாண்டர்டையே 350 ஆக்கிவிடுவோம்" என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள். அந்த 351ல் தடிமன் இருக்கிறது, காணாமல்போன 600 பிளாங்க் இருக்கிறது, வெடித்த பெட்டி இருக்கிறது. ஷீட்டின் தடிமனே நிரந்தரமாக 1.045தான், வேறு கிடைக்காது என்று உறுதியானால் அந்த ஒரு பங்குக்கு மட்டும் 320ஐ 334 ஆக்கலாம், கூடவே 70ஐ 67 ஆக்குங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் மறுபடியும் ஒருவருக்குப் போலிப் பாராட்டும் இன்னொருவருக்குப் போலிப் பழியும் வரும்.

முதலில் மைக்ரோமீட்டர், பிறகு ஷியரிங்கில் இருபது ஷீட் எண்ணிக்கை, பிறகு இரண்டு லாட் ஒப்பீடு. ஒரே நாளில் மூன்றும் முடியும். மூன்றின் எண்களையும் ரிஜெக்‌ஷன் வகைவாரியாகப் பிரித்ததையும் அனுப்பினால், அந்த 1,400ல் எவ்வளவு டையின் பங்கு, எவ்வளவு தகட்டின் பங்கு என்று உங்களுக்குக் கணக்கிட்டுத் தருகிறேன்.